அடியை வெட்டிய பட்டை



பதிவு கொஞ்சம் நீளம். பழைய பழக்கம், கரும்பலகை நிறைய எழுதினால்தான் எனக்குத் திருப்தி. காப்பி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

2025 மார்ச்சில் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். நம் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்துவிட்டு, பிறகு என்னிடம் கணக்குப் படித்தவள். இப்போது கோயம்புத்தூரில் வேலை. "சார், நம்ம ஸ்கூல் அட்மிஷனுக்காக ஒரு இன்ஃபோகிராபிக் பண்ணியிருக்கேன். ரேஷன் கடை, டீக்கடை, பஸ் ஸ்டாப் எல்லா இடத்துலயும் ஒட்டப் போறோம். நீங்க ஒரு தடவை பாத்துட்டு ஓகே சொல்லிட்டா பிரிண்டுக்குக் குடுத்துடலாம்" என்றாள்.

பிள்ளைகள் குறைந்தால் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் அந்தப் பிள்ளைக்கு அவசரம். எனக்கும்தான்.

அவள் அனுப்பிய படத்தைப் பேரனிடம் சொல்லி முழுத்தாளில் அச்செடுத்து வாங்கினேன். போன் திரையில் பார்த்து இதையெல்லாம் சரிபார்க்க முடியாது. மேசையில் விரித்து, பழைய மர ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பார்த்தவுடன் பிரமாதமாக இருந்தது. நடுவில் நான்கு பட்டைகள், நான்கு வருட மாணவர் எண்ணிக்கை. கடைசிப் பட்டை மற்றவற்றைவிட வானளவு உயர்ந்து நின்றது. பள்ளி இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிட்டதோ என்று நானே ஒரு நொடி நினைத்தேன். பிறகு பட்டைகளின் தலையில் இருந்த எண்களைப் படித்தேன். 58, 55, 57, 64.

ஸ்கேலை வைத்து அளந்தேன். 55-க்கான பட்டை இரண்டரை சென்டிமீட்டர். 64-க்கான பட்டை ஏழு சென்டிமீட்டர். இடது ஓரத்தில் இருந்த எண்களைப் பார்த்தால் அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கவில்லை, 50-ல் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பட்டையிலும் கீழே இருக்க வேண்டிய 50 பிள்ளைகளைக் காணோம். மிச்சம் 5-ம் 14-ம் மட்டும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன.

இப்போது கணக்கு. 55 பேர் 64 ஆனது 9 பேர் கூடுதல். 55-ல் 9 என்றால் சுமார் 16 சதவீதம். படத்தில் பட்டை இரண்டரையிலிருந்து ஏழு ஆகிறது, நாலரை சென்டிமீட்டர் கூடுதல். இரண்டரையில் நாலரை என்றால் 180 சதவீதம். படம் காட்டும் வளர்ச்சியை உண்மையான வளர்ச்சியால் வகுத்தால் 11 வருகிறது. அதாவது படம் பதினோரு மடங்கு பெரிதாக்கிச் சொல்கிறது.

இந்த வகுத்தல் நான் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி 1983-ல் வெளியிட்ட நூலில் சொன்னது. அதற்கு அவர் வைத்த பெயரே பொய்யின் அளவு என்கிற மாதிரித்தான் இருக்கும். விடை 1-ஐ ஒட்டி வந்தால் படம் நேர்மையானது. பெரிய பத்திரிகைகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1978-ல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு படத்தில், கார்களின் மைலேஜ் 18-லிருந்து 27.5 ஆக உயர வேண்டும் என்ற விதியை 0.6 அங்குலக் கோடாகவும் 5.3 அங்குலக் கோடாகவும் வரைந்திருந்தார்கள். டஃப்டி கணக்குப் போட்டார். விடை 14.8.

அவளுக்குப் போன் செய்தேன். "ஏம்மா, அடியில அம்பது பேரை எங்கம்மா விட்டே?"

பதறிவிட்டாள். "சார், சத்தியமா நான் வேணும்னு பண்ணல. எக்ஸெல்ல நம்பரைப் போட்டேன், அதுவா அப்படித்தான் வந்துச்சு."

அவள் சொன்னது உண்மைதான். எக்ஸெலுக்கு ஒரு குணம் உண்டு. எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால், அதாவது பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், அச்சைத் தானாகவே பூஜ்ஜியத்துக்கு மேலே தொடங்கிவிடும். இங்கே 64-ல் ஆறில் ஒரு பங்கு சுமார் பத்தரை. வித்தியாசம் 9. அதனால் வெட்டிவிட்டது. சரிசெய்வது சுலபம். இடது பக்க எண்களின் மேல் இரண்டு முறை தட்டினால் Format Axis என்று திறக்கும். அதில் Minimum என்ற கட்டத்தில் 0 என்று போட்டால் போதும்.

அப்போது அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "அப்ப எல்லாப் படமும் பூஜ்ஜியத்துல இருந்துதான் தொடங்கணுமா சார்? ஆஸ்பத்திரியில காய்ச்சல் சார்ட் அப்படி இருக்காதே?"

சபாஷ். காய்ச்சல் 98.6-லிருந்து 102-க்கு ஏறுவதைப் பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால் கோடு தட்டையாகக் கிடக்கும், டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. வித்தியாசம் இதுதான். பட்டை தன் நீளத்தால் பேசுகிறது. இந்தப் பட்டை அதைப்போல இரண்டு பங்கு என்று கண் தானாகவே அளந்துவிடும். அதனால் அடியை வெட்டினால் பொய். கோட்டுப் படத்தில் கண் நீளத்தை அளப்பதில்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் பார்க்கிறது. அங்கே தேவையான இடத்திலிருந்து தொடங்கலாம், எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பளிச்சென்று எழுதிவிட வேண்டும்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளிடமும் சொன்னேன். 1996-ல் நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் காட்ட ஒரு சார்ட் வரைந்தேன். முந்தின வருடம் 72 சதவீதம், அந்த வருடம் 78. எனக்கு எக்ஸெல் எதுவும் கிடையாது. என் கையால், தெரிந்தே, 70-ல் தொடங்கி வரைந்தேன். ஒரு பட்டை மற்றதைப் போல நான்கு மடங்கு. எல்லோரும் கைதட்டினார்கள். விழா முடிந்து நாற்காலி எடுத்துப் போடும்போது, மாணவன் ஒருவனின் அப்பா, கொத்தனார், சார்ட்டின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சார், இந்தச் செவுரு அஸ்திவாரம் இல்லாம நிக்குதே, கீழ வெட்டிட்டீங்களா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் இடம் பத்தவில்லை என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மதிப்பெண் அட்டையில் நான் எழுதுவதை அவர் எவ்வளவு நம்பியிருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நம் படத்தைப் பார்க்கப் போவதும் அவரைப் போன்றவர்கள்தான்.

அச்சைச் சரிசெய்து மறுபடி அனுப்பினாள். இப்போது 64-ன் பட்டை ஏழு சென்டிமீட்டர், 55-ன் பட்டை ஆறு. நேர்மையான படம். ஆனால் பிள்ளையின் குரல் சுருங்கிவிட்டது. "சார், இப்படிப் போட்டா ஒண்ணுமே ஏறாத மாதிரி இருக்கே. இதைப் பாத்து யாரு சேப்பாங்க?"

அவள் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் இங்கே தப்பு படத்தில் இல்லை, தேர்ந்தெடுத்த எண்ணில். மொத்த எண்ணிக்கை என்பது எட்டு வகுப்புகளின் கூட்டல். ஒரு பக்கம் ஒன்றாம் வகுப்பில் சேர்கிறார்கள், மறுபக்கம் எட்டாம் வகுப்பு முடித்து வெளியே போகிறார்கள். நடந்த மாற்றம் அந்தக் கூட்டலுக்குள் ஒளிந்துகொள்கிறது. "ஒண்ணாங்கிளாஸ்ல எத்தனை பேர் சேந்தாங்கன்னு தனியா எடும்மா" என்றேன். தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கினாள். நான்கு வருடங்களுக்கு 7, 4, 6, 12. அதுதான் செய்தி!

உண்மையில் 4-ம் 12-ம் அவள் படத்திலேயே இருந்தன, கீழே ஒரு மூலையில், வேறு ஒரு கோளாறோடு. ஒரு சிறுவன் படம் போட்டு 4 என்றும், பக்கத்தில் அதே சிறுவனை மூன்று மடங்கு உயரத்தில் போட்டு 12 என்றும், மேலே "300% வளர்ச்சி" என்றும் எழுதியிருந்தாள். அதில் மூன்று தப்பு.

முதலாவது, படத்தை மூலையைப் பிடித்து இழுத்தால் உயரம் மட்டுமா கூடும்? அகலமும் மூன்று மடங்கு ஆகும். மூன்று மூன்று ஒன்பது. அந்தப் பெரிய சிறுவன் தாளில் ஒன்பது மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு நின்றான். வடிவொத்த உருவங்களின் பரப்பு என்று உங்களுக்கெல்லாம் நடத்தினேனே, அதுதான். இரண்டாவது, 4-லிருந்து 12 என்றால் மூன்று மடங்கு. ஆனால் வளர்ச்சி 8 பேர், அதாவது 200 சதவீதம். அதைவிட முக்கியமாக, நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சதவீதம் பேசவே கூடாது. இரண்டு பேர் கூடினாலே 50 சதவீதம் என்று வந்துவிடும். எண்ணையே சொல்லிவிடலாம். மூன்றாவது, நான்கு வருடத்தில் மிகக் குறைந்த வருடத்தைத் தேடிப் பிடித்து அதோடு ஒப்பிட்டிருக்கிறாள். 7 பேர் சேர்ந்த வருடமும் இருந்ததே. அதையும் காட்ட வேண்டும். காட்டினாலும் 12 உயர்ந்துதான் நிற்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

இதற்கான மருந்தை 1920-களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத் என்பவர் சொல்லிவிட்டார். சாதாரணத் தொழிலாளர்களுக்குப் புள்ளிவிவரம் புரிய வேண்டும் என்று ஒரு அருங்காட்சியகமே நடத்தியவர். எண் பெரிதானால் சின்னத்தைப் பெரிதாக்காதே, அதே அளவுச் சின்னத்தைக் கூடுதலாகப் போடு. இதுதான் அவர் விதி. நம் பாடப்புத்தகத்தில் வரும் படவிளக்கப்படமும் அதேதான். ஆகவே நான்கு வரிசைகள். ஒரு குழந்தைக்கு ஒரு சின்னம். முதல் வரிசையில் 7, அடுத்து 4, அடுத்து 6, கடைசியில் 12. எல்லாம் ஒரே அளவு, ஒரே நேர்கோட்டில் தொடக்கம். வரிசையின் நீளமே பட்டை ஆகிவிடுகிறது.

அடுத்து சின்னங்களுக்கு வந்தேன். எண்ணிப் பார்த்தேன், 23 இருந்தன. புத்தகம், பென்சில், பல்பு, கோப்பை, ராக்கெட், சிரிக்கும் முகம், பஸ், முள்கரண்டியும் ஸ்பூனும் போட்ட தட்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். இதற்கு நான் செய்கிற சோதனை மிகச் சாதாரணம். ஒரு சின்னத்தைக் கட்டைவிரலால் மூடுவேன். மூடிய பிறகும் சொல்ல வந்தது குறையவில்லை என்றால் அது வேண்டாம். ராக்கெட்டை மூடினேன், ஒன்றும் குறையவில்லை. பல்பு, கோப்பை, சிரிக்கும் முகம் எல்லாம் அப்படியே.

இரண்டாவது சோதனைக்கு வீட்டை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. எதிர் வீட்டில் தையல் தைக்கிற தங்கச்சிக்கு ஐந்து வயதில் ஒரு பையன். தாளைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, பத்து எண்ணும்வரை பார்க்கச் சொல்லிவிட்டுத் திருப்பி வைத்தேன். "என்னம்மா ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். "ஸ்கூலுக்கு வேன் விடறாங்களாண்ணே?" என்றாள்.

வேன் எதுவும் இல்லை. அந்தப் பஸ் சின்னம் அரசாங்கம் கொடுக்கிற இலவச பஸ் பாஸைக் குறிக்கப் போட்டது. இப்படியே ஒட்டியிருந்தால் ஜூன் மாதம் வாசலில் வேனுக்காகக் காத்திருந்து ஏமாந்திருப்பாள். அதே மாதிரி, முள்கரண்டித் தட்டைப் பார்த்து அவளுக்கு ஹோட்டல் ஞாபகம்தான் வந்ததாம். அது காலை உணவுத் திட்டத்துக்காகப் போட்ட சின்னம். நம் ஊரில் யார் வீட்டில் முள்கரண்டி இருக்கிறது? இலவசமாகக் கிடைக்கிற சின்னங்கள் வேறு ஊர்ச் சாப்பாட்டு மேசைக்கு வரைந்தவை. அந்த இடத்தில் "காலையிலும் மதியமும் பள்ளியில் சாப்பாடு" என்று எழுதினால் தீர்ந்தது. 23-ல் மிஞ்சியது குழந்தைச் சின்னம் ஒன்றுதான். மற்றதெல்லாம் வார்த்தை.

கடைசியாக, மேலிருந்து கீழ்வரை கதை ஓடுகிறதா என்று பார்த்தேன். இதற்கு நான் செய்வது, தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழாக வாய்விட்டுப் படிப்பது. ஒரு தலைப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே "அதனால்" என்றோ, "ஏனென்றால்" என்றோ போட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டினால் கதை இருக்கிறது. ஒட்டவில்லை என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைத்த துண்டுகள்தான்.

அவள் படத்தில் மேலே பள்ளியின் பெயரும் நன்கொடையாளர் புகைப்படங்களும். பிறகு "நம் வளர்ச்சி". பிறகு "நம் பெருமை". பிறகு "வசதிகள்". எதுவும் எதோடும் ஒட்டவில்லை. அட்மிஷன் எப்போது, என்ன கொண்டுவர வேண்டும் என்பது அடியில் பொடி எழுத்தில். ஒரு பெற்றோர் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய ஒரு விஷயம் அதைவிடப் பொடியாக இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய். ஐந்தாவது முடித்ததும் பிள்ளையைத் தனியாருக்கு மாற்ற நினைக்கிற பெற்றோருக்கு இது தெரியாவிட்டால் நஷ்டம்.

இருவரும் போனிலேயே உட்கார்ந்து மாற்றினோம். மேலே ஒரு முழு வாக்கியம்: "இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் 12 குழந்தைகள் சேர்ந்தார்கள்." அதன் கீழே நான்கு வரிசைச் சின்னங்கள். அடுத்து, "பள்ளியில் என்ன கிடைக்கிறது": சாப்பாடு, புத்தகம், சீருடை, பஸ் பாஸ், நான்கே வரி. அடுத்து, "ஆறாம் வகுப்பிலும் இங்கேயே இருந்தால்": மேலே சொன்ன இரண்டும். கடைசியில், பெரிய எழுத்தில், சேர்க்கை நடக்கும் நேரமும் கொண்டுவர வேண்டிய சான்றிதழும். நன்கொடையாளர் படங்களை எடுத்துவிட்டோம். அதற்காக என் பெரியப்பா மகன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அண்ணே, இதைப் படித்தால் கோபம் வேண்டாம். அந்த இடம் அடுப்படியிலிருந்து கைதுடைத்துக்கொண்டு வந்து நின்று படிக்கிற ஒரு அம்மாவுக்கானது.

புதிய தாளைத் தையல்காரத் தங்கச்சியிடம் அதே பத்து எண்ணிக்கைக்குக் காட்டினேன். "பன்னெண்டு பிள்ளைங்க புதுசா சேந்திருக்கு. மே மாசமே போயிக் கேக்கணும்" என்றாள். போதும் என்று நானும் ஓகே சொன்னேன்.

ஒட்டிய மறுநாள் ரேஷன் கடைக்குப் போனேன். ஒரு பாட்டி படத்தின் முன்னால் நின்று, கடைசி வரிசையில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "வாத்தியாரே, இதுல எம்பேத்தி எது?" என்றார். அவர் பேத்தி அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி. ஏழாவதாக நின்ற சின்னத்தைக் காட்டினேன். அந்தத் தாளில் ஒரு குழந்தை கூடுதலாக இருந்திருந்தாலும் அந்தப் பாட்டி கண்டுபிடித்திருப்பார்.

நீங்களும் ஆபீசுக்கு, சங்கத்துக்கு, கோயில் கணக்குக்கு என்று இந்த மாதிரிப் படங்கள் போடுகிறீர்கள், குடும்பக் குழுவில் எனக்கும் வருகின்றன. அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஸ்கேல் இன்னும் மேசை மேலேயேதான் இருக்கிறது. அந்தக் கொத்தனாரின் மகன் இதைப் படித்தால், அப்பாவிடம் சொல்லப்பா. அவர் கேட்டது சரி. கீழே வெட்டித்தான் இருந்தேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்